மாவிலை இல்லாத ஊரில் ஒரு கும்பம்

தை பிறந்தால் குடிபூரலுக்கு நாள் பார்ப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அங்கே அது பெரிய ஏற்பாடு இல்லை. முற்றத்து மாமரத்தில் ஐந்து இலை, வேலியோரம் ஒரு பிடி அறுகம்புல், பக்கத்து வீட்டுச் செடியில் நித்தியகல்யாணி, ஐயர் கொண்டுவரும் தர்ப்பை என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்துவிடும். அதே குடும்பம் ஜெர்மனியில் வீடு வாங்கி அதே தையில் குடிபுகும்போது, வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹாம் நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் என்றால் தமிழ்க் கடைகளில் பாதிப் பொருள்களாவது கிடைக்கும். தெற்கே பவேரியாவில் ஒரு சிறு நகரம் என்றால் அதுவும் இல்லை.

ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பையில் இலை, பூ, பழம் எதைக் கொண்டுவந்தாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றவை ஐந்தே பழங்கள்: தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, முள்நாறிப்பழம். ஆக, கும்பத்தின் தலையில் இருக்கும் தேங்காய்க்குத் தடையில்லை. அதைத் தாங்கும் மாவிலைக்குத்தான் தடை. கறிவேப்பிலையும் வில்வமும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் என்பதால், எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோய்க்குப் பயந்து அமெரிக்கா அவற்றை இன்னும் கடுமையாகத் தடுக்கிறது. ஒளித்துக் கொண்டுவந்து வைக்கும் இலையை விட, இருக்கும் ஊரிலேயே முறையோடு தேடிக்கொள்ளும் இலை எவ்வளவோ மேல். அந்த முறை நம் மரபிலேயே இருக்கிறது.

மாற்றுக்கும் ஓர் இலக்கணம்

கிடைக்காத பொருளுக்கு மாற்று வைப்பது வெளிநாட்டுக்கு வந்தபின் நாமாகச் செய்துகொண்ட சலுகை இல்லை. வேள்விச் சடங்குகளின் விதிகளை ஆராயும் பூர்வ மீமாம்சை நூலின் ஆறாம் அத்தியாயத்தில் ஜைமினி இதைத் தனியாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார். மாற்றுப் பொருளுக்கு அங்கே பிரதிநிதி என்று பெயர். யாகத்துக்கு எடுத்த நெல் கெட்டுவிட்டால், நெல்லுக்கு மிக நெருங்கிய நீவாரம் என்ற காட்டுநெல்லைத் தேட வேண்டும். சோமக்கொடி கிடைக்காதபோது பூதிகம் என்ற கொடியைப் பிராமண நூல்களே சொல்லிவிடுகின்றன.

அந்த விவாதத்திலிருந்து வீட்டுப் பூசைக்கு மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளலாம். மாற்றுப் பொருள் மூலப் பொருளை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. விலக்கப்பட்ட பொருள் எவ்வளவுதான் ஒத்திருந்தாலும் மாற்றாகாது என்பது இரண்டாவது. உளுந்து வேள்விக்கு ஆகாது என்று விலக்கப்பட்டிருந்தால், வேறொரு தானியத்துக்குப் பதிலாகவும் அது உள்ளே வரக்கூடாது. மூன்றாவது விதி, எதற்கு மாற்றே கிடையாது என்பதைச் சொல்கிறது. தெய்வத்துக்கும் மந்திரத்துக்கும் செயலுக்கும் அதைச் செய்யும் எசமானருக்கும் பிரதிநிதி இல்லை. பொருளை மாற்றலாம், செய்கையை விட்டுவிட முடியாது.

வீட்டுப் பூசையில் நாம் இதைத் தெரியாமலே கடைப்பிடிக்கிறோம். சுவாமிக்கு ஆபரணம் சாத்தும் இடத்தில் ஆபரணம் இல்லையென்றால், அதன் பொருட்டு என்று சொல்லி அட்சதை போடுகிறோம். வஸ்திரத்துக்கும் பூணூலுக்கும் அப்படியே. முனை முறியாத அரிசியும் மஞ்சளும் உலகத்தின் எந்த மூலையிலும் கிடைக்கும். அதனால் வேறெதுவும் கைகொடுக்காதபோது கடைசியாக வந்து நிற்கும் பொருள் அட்சதைதான். அதற்கு முன்னால் தேடவேண்டியவை இருக்கின்றன.

இலை: உறவு, உருவம், பிறகு நஞ்சு

கும்பத்தில் மாவிலைக்கு என்ன வேலை என்று முதலில் பார்க்க வேண்டும். ஐந்து அல்லது ஏழு இலைகள் காம்பு நீரில் தொட, நுனி மேலே விரிய, குடத்தின் வாயைச் சுற்றி நிற்கின்றன. அவற்றின் நடுவே தேங்காய் அமர்கிறது. சடங்கு முடிந்ததும் அந்த இலையாலேயே நீரை வீடெங்கும் தெளிக்கிறார்கள். எனவே மாற்று இலை தடிப்பாக இருக்க வேண்டும், ஒரு நாள் முழுதும் நீரில் நின்றும் துவளக்கூடாது, தெளிக்கும்போது நீரை ஏந்த வேண்டும்.

உறவு முறையில் தேடினால் பஞ்ச பல்லவம் நினைவுக்கு வரும். கும்பத்துக்கு உரிய ஐந்து தளிர்கள் என்று மா, அரசு, ஆல், அத்தி, இத்தி ஆகியவற்றைச் சொல்வது வழக்கு. மா நீங்கலாக மற்ற நான்கும் ஒரே பேரினம். ஐரோப்பிய வீடுகளிலும் அலுவலகங்களிலும் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் ரப்பர் செடியும், சிறிய பளபளப்பான இலைகளோடு கிளை தொங்கும் வெள்ளால் செடியும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆலமரத்துக்கு அவை சொந்தக்காரர்கள். பூச்செடிக் கடையில் ஆண்டு முழுதும் கிடைக்கும். ஒரு குறை உண்டு. அந்த இலையைக் கிள்ளினால் பால் வடியும், அந்தப் பால் தோலையும் வாயையும் அரிக்கும். பால் நின்றபின் கழுவித்தான் வைக்க வேண்டும். அந்தக் கும்பத்து நீரைத் தெளிக்கலாமே தவிர, தீர்த்தமாகக் குடிக்கக் கொடுக்கக்கூடாது.

உருவத்தில் தேடினால் வெற்றிலை பலருக்கு முதலில் தோன்றும். மங்கலப் பொருள், நஞ்சில்லை, எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மென்மையான இலை. தேங்காயின் பாரத்தில் மடங்கும், வெப்பமூட்டிய அறையில் சில மணி நேரத்தில் வாடத் தொடங்கும். சிறிய செம்பும் சிறிய தேங்காயும் என்றால் போதுமானது. பெரிய கும்பத்துக்கு இன்னும் பொருத்தமானது, மேற்கத்தியச் சமையலில் போடும் பே இலை. நம் பிரியாணி இலையின் குடும்பத்தைச் சேர்ந்த இதைச் சமையல் தழைகள் விற்கும் இடத்தில் பச்சையாகவும், தோட்டக் கடையில் தொட்டிச் செடியாகவும் வாங்கலாம். தடித்த, நீண்ட, கூரிய நுனியுள்ள இலை. பார்வைக்குச் சின்ன மாவிலை. நீரில் நாள்கணக்கில் நிமிர்ந்து நிற்கும், மணமும் உண்டு. உணவில் சேர்க்கும் இலை என்பதால் தீர்த்தத்துக்கும் பயமில்லை.

பயப்பட வேண்டிய இடம் வீட்டு வேலி. ஜனவரியில் ஜெர்மானிய நகரங்களில் எல்லாம் உதிர்ந்தபின் அகன்ற பச்சை இலையோடு நிற்பவை பெரும்பாலும் இரண்டு செடிகள்தான். ஒன்று, கிர்ஷ்லோர்பேர் என்று அவர்கள் சொல்லும் வேலிச்செடி. பிரிட்டனில் இதைச் செர்ரி லாரல் என்பார்கள். மற்றொன்று ரோடோடென்ட்ரான். இரண்டுமே மாவிலையைப் போலவே இருக்கும். ரோடோடென்ட்ரான் இலைகள் மாவிலையைப் போலவே கிளையின் நுனியில் கொத்தாகக் கூடியும் நிற்கும். பார்த்தவுடன் கை நீளும். ஆனால் செர்ரி லாரல் இலை கசங்கினால் சயனைடு வெளிப்படும். ரோடோடென்ட்ரான் இலையில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. தோரணம் கட்டினாலே சிறுபிள்ளைகள் இழுத்து வாயில் வைக்கலாம். காம்பு கிள்ளிய இலையை நீரில் நிறுத்தி, அந்த நீரை எல்லோர் கையிலும் உத்தரணியால் ஊற்றினால் அபாயம் இன்னும் நேரடியானது.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பே இலையைக் கசக்கினால் சமையலறை மணம் வரும். செர்ரி லாரலைக் கசக்கினால் கசப்பு வாதுமையின் வாடை அடிக்கும். அதன் விளிம்பில் ஆங்காங்கே சிறு பற்களும் தெரியும், இலையும் பெரும்பாலும் ஒரு சாண் அளவு பெரிதாக இருக்கும். ரோடோடென்ட்ரானில் சமையல் மணம் எதுவும் இராது. கசக்கிப் பார்த்தும் ஐயம் தீராவிட்டால் அந்த இலை வேண்டாம். வேலியில் பறித்ததைப் பயன்படுத்தாமல், சமையலுக்கென்று விற்றதை மட்டும் வைப்பதே பாதுகாப்பு.

அரளியும் ஊமத்தையும் நஞ்சுதானே, அவற்றைச் சுவாமிக்குச் சாத்துகிறோமே என்று கேட்கலாம். சாத்துகிறோம், ஆனால் அவற்றை நீரில் ஊறவைத்து யாரும் பருகுவதில்லை. திருமேனியில் சாத்துவதும் தீர்த்தத்தில் சேர்வதும் வேறு வேறு. மாற்றுத் தேடும்போது இந்தக் கோட்டை மறக்கக்கூடாது.

பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இன்று எல்லாத் தமிழ்க் கடைகளிலும் தொங்குகிறது. வாசலில் அலங்காரத்துக்குக் கட்டுவதில் தவறில்லை. கும்பத்துக்குள் வைக்கத்தான் அது ஆகாது. நீரைத் தொட்டு நிற்கும் உயிருள்ள தளிர் என்பதே அந்த இலையின் வேலை. உருவம் மட்டும் ஒத்திருந்து வேலையைச் செய்யாத பொருள் பிரதிநிதி ஆகாது. அதைவிடப் பச்சையான ஐந்து வெற்றிலை மேல்.

தர்ப்பை: கோதுமையும் ஒரு தர்ப்பைதான்

தர்ப்பை விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. தர்ம சாத்திரங்கள் தர்ப்பை என்று ஒரே புல்லைச் சொல்லவில்லை. பத்து வகையை அடுக்குகின்றன. குசை, நாணல் ஆகியவற்றோடு அறுகும் வெட்டிவேரின் புல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. நெல், வாற்கோதுமை, கோதுமை ஆகிய மூன்று பயிர்களின் தாளும் உண்டு. குசை கிடைத்தால் அதுவே முதன்மை. கிடைக்காத குளிர்நாட்டில் கோதுமைப் புல்லுக்கு நூலின் ஒப்புதலே இருக்கிறது. சமையலறைச் சன்னலில் அதை வளர்த்துவிடலாம்.

முழுக் கோதுமையை இரவு முழுதும் ஊறவைத்து, இரண்டு விரற்கடை மண் போட்ட தட்டில் நெருக்கமாகப் பரப்பி, முளை தெரியும்வரை இரண்டு நாள் மூடிவைக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் வைத்து நீர் தெளித்துவந்தால் பத்து நாளில் ஒரு சாண் உயரம் வரும். பவித்திரம் முடிய அது போதாது. மூன்று வாரம் விட்டால் இன்னும் நீளும், ஆனால் தாள் மெலிந்து சாயும். சாயாமல் வளர நல்ல வெளிச்சமும் காற்றும் வேண்டும். அறுக்கும்போது நுனி சிதையாமல் அடியில் அறுக்க வேண்டும், ஏனென்றால் நுனி முறியாத தாளே சடங்குக்குத் தகும். நிழலில் ஒரு நாள் வாடவிட்டால் முறுக்கும்போது ஒடியாது. சதையுள்ள தாள் என்பதால் முடிச்சு இறுகாமல் நழுவும். இரண்டு தாளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால் நிற்கும்.

எத்தனை தாள் என்பது சடங்கைப் பொறுத்தது. மங்கல காரியத்துக்கு இரண்டு, தர்ப்பணத்துக்கு மூன்று, அபரக் கிரியைக்கு ஒன்று என்பது பரவலான வழக்கு. புல் மாறினாலும் இந்த எண்ணிக்கை மாறக்கூடாது. அது செய்கையைச் சேர்ந்தது.

கைவினைக் கடைகளில் இலையுதிர் காலத்தில் விற்கும் கோதுமைக் கதிர்க் கட்டு நீளமாகவும் உறுதியாகவும் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் வளையும். சாயம் ஏற்றியதையும் வெளுத்ததையும் தவிர்க்க வேண்டும். இயற்கைத் தாள் ஒரே நிறமாக இராது. கணுவருகே கருமை தட்டியிருக்கும். அடிமுதல் நுனிவரை பளீரென்று ஒரே வெள்ளையாக இருந்தால் அது வெளுத்தது.

வெளிநாட்டில் அடிக்கடி தர்ப்பணம் செய்பவர்கள் பவித்திர மோதிரமும் வைத்துக்கொள்ளலாம். கேரளத்தின் பையனூரில் செய்யும் பொன் பவித்திர மோதிரம், தர்ப்பை முடிச்சின் வடிவத்தையே பொன்னில் இழைத்தது. விரலில் அணியும் பவித்திரத்தின் வேலையை அது செய்யும். கும்பத்தில் வைக்கும் கூர்ச்சத்துக்கும், தர்ப்பணத்தில் பரப்பும் தர்ப்பைக்கும் மட்டும் புல்லே வேண்டும்.

அறுகும் பூவும்

மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்கு அறுகு வேண்டும். ஜெர்மானிய வீட்டுப் புல்வெளியில் இருப்பது அறுகு இல்லை. குளிரைத் தாங்கும் வேறு புற்களைத்தான் அங்கே விதைக்கிறார்கள். உண்மையான அறுகு வெப்பநிலத்துப் புல். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் அது புல்வெளியாகவே கிடக்கிறது. முதல் நாட்டில் பெர்முடா புல், இரண்டாவதில் கூச் புல் என்பார்கள். தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தால், பூங்கதிர் ஒரே புள்ளியிலிருந்து விரிந்த விரல்களைப் போல மூன்று முதல் ஏழு கிளைகளாகப் பிரிந்திருந்தால் அது அறுகு. களைக்கொல்லி அடித்த புல்வெளியில் பறிக்கக்கூடாது. குளிர்நாட்டிலிருப்பவர்கள் பெர்முடா புல் விதையை வாங்கி வெயில் படும் சன்னலில் ஒரு தொட்டியில் விதைக்கலாம். மண் குளிர்ந்திருந்தால் முளைக்காது, வைகாசி வெயிலில் விதைத்தால் தையில் பறிக்கலாம். அதுவும் இல்லையென்றால், பிள்ளையாருக்குரிய இருபத்தொரு பத்திரங்களில் மாதுளையும் மருவும் மல்லிகையும் உண்டு. இந்த மூன்றும் ஐரோப்பியத் தோட்டக் கடைகளில் விற்பவை.

பூவைப் பொறுத்தவரை கவலை குறைவு. பேரங்காடியில் ஆண்டு முழுதும் விற்கும் கிறிசாந்திமம் நம் செவ்வந்தியே. மாற்று என்று சொல்லவே வேண்டாம். மல்லிகைக்கு, வளையத்தில் சுற்றிப் படர்த்திய தொட்டிச் செடியாக மாசி, பங்குனியில் வரும் வெண்மல்லிகை உண்மையான மல்லிகை இனம். வில்வத்துக்கும் துளசிக்கும் பழமை தோஷம் இல்லை என்பது மரபு. காய்ந்த வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாம். துளசியைத் தொட்டியில் வளர்க்கலாம். கடைப்பூவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அது தொலைநாட்டுப் பண்ணைகளில் பூச்சிமருந்து அடித்து வளர்ந்தது, உண்பதற்காக விற்பதில்லை. நன்றாகக் கழுவிச் சாத்தலாம், தீர்த்தத்தில் மிதக்கவிடக்கூடாது. தீர்த்தத்துக்குத் துளசி போதும்.

ஒரு குடிபூரலுக்கான நாள்கணக்கு

தைப் பிற்பகுதியில் குடிபுகும் அந்தப் பவேரியக் குடும்பத்தின் ஏற்பாடு இப்படி அமையலாம். மார்கழி பிறந்ததும் ஐயரோடு தொலைபேசியில் பேசி, கிடைக்காதவை எவை, எதற்கு எதை வைக்கப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்ப வழக்கில் சில விலக்குகள் இருக்கும். அவை பெரியவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளையாருக்குத் துளசி சாத்தாத வீட்டில், அறுகு இல்லையென்று துளசியை வைத்துவிடக்கூடாது. சடங்கன்று காலை ஐயர் வந்து நின்றபின் இதைப் பேசினால் எல்லோருக்கும் மனத்தாங்கல்தான்.

மூன்று வாரம் முன்பு கோதுமைத் தட்டு போட வேண்டும். வீணானால் திரும்பப் போட நாள் இராது என்பதால், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தட்டு. தட்டில் வெண்பூஞ்சை படிந்து புளித்த வாடை வந்தால் நீர் அதிகம் என்று பொருள், அந்தத் தட்டைத் தள்ளிவிட வேண்டும். ஒரு வாரம் முன்பு பே இலைத் தொட்டிச் செடியை வாங்கி, இலைகளைக் கழுவித் துடைத்து, மருந்தடித்த புதிய செடியானால் அந்த இலை பட்ட நீரைக் குடிப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். சமையலுக்கென்று விற்ற பச்சை இலை என்றால் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். இரண்டு நாள் முன்பு செவ்வந்தியும் தேங்காயும்.

அன்று காலை குடத்தில் முக்கால் அளவு நீர். பே இலை சின்னது என்பதால், ஐந்து தனி இலைக்குப் பதில், நுனியில் நாலைந்து இலை சேர்ந்த ஐந்து சிறு கொத்துகளை வைத்தால் குடவாய் நிறையும், தேங்காயும் ஆடாது. நடுவில் கோதுமைத் தாளில் முடிந்த கூர்ச்சம். மஞ்சள் பிள்ளையாருக்கு மருவும் அட்சதையும். பால் காய்ச்சிப் பொங்கியபின் அதே கொத்தால் வாசல் முதல் அடுக்களை வரை நீர் தெளிக்கலாம்.

இவை எல்லாம் மாவிலை இல்லாதவரைதான். இந்த ஆனி, ஆடியில் கடையில் வாங்கும் ஒரு மாம்பழத்தின் கொட்டையை எறியாமல், காயுமுன்னே ஓட்டை விளிம்பில் மெல்ல நெம்பிப் பிரித்து, உள்ளே இருக்கும் விதையை ஈரத் துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். மாவிதை உலர்ந்தாலும் குளிர்ந்தாலும் செத்துவிடும் என்பதால் காயவைக்கவோ குளிர்பெட்டியில் வைக்கவோ கூடாது. ஆழமான தொட்டியில் நட்டுத் தெற்குப் பார்த்த சன்னலில் வைத்து, பத்துப் பாகைக்குக் கீழே குளிரவிடாமல் பார்த்துக்கொண்டால் செம்புநிறத் தளிர் முற்றிப் பச்சையாகும். அந்தச் செடி அங்கே காய்க்காது. கும்பத்துக்குக் காய் தேவையில்லையே. முதல் ஆண்டில் பறித்தால் செடி நலியும். இரண்டாம் ஆண்டு நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து இலை பெருகும். அதன்பின் ஒவ்வொரு தைக்கும் ஐந்து இலைக்கு அந்த வீட்டில் மாற்றுத் தேட வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் குடிபுகும் குடும்பத்துக்கும் ஐந்து இலை கொடுத்தனுப்பலாம்.